எண்ணெய் விலை திரும்பி வந்தது, பணம் ஏன் வரவில்லை? ஃப்யூச்சர்ஸ் சார்ட் மறைக்கும் ரோல் ஓவர் கணக்கு

2019-ம் ஆண்டு கடைசி நாளில் அமெரிக்க கச்சா எண்ணெய் (டபிள்யூ.டி.ஐ) ஒரு பீப்பாய் சுமார் 61 டாலர். 2021 பிப்ரவரி இறுதியிலும் கிட்டத்தட்ட அதே 61 டாலர்தான். நடுவில் கொரோனா, லாக்டவுன், வரலாறு காணாத வீழ்ச்சி எல்லாம் வந்து போனது. சார்ட்டைப் பார்த்தால் பெரிய பள்ளத்தில் விழுந்து ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும் கோடு தெரியும்.

ஆனால், அதே எண்ணெய் விலையைப் பின்தொடர்வதற்காகவே இருக்கும் யு.எஸ்.ஓ என்ற அமெரிக்க ஃபண்டில் 2019 இறுதியில் பணம் போட்டு, இடையில் எதையும் விற்காமல் பொறுமையாகக் காத்திருந்தவரிடம் 2021 பிப்ரவரியில் இருந்தது போட்ட பணத்தில் பாதிக்கும் கீழே. எண்ணெய் விலை பழைய இடத்துக்கே வந்துவிட்டது, பணம் மட்டும் எங்கே போச்சு?

யாரும் திருடவில்லை. ஃபண்ட் எண்ணெயை வாங்கி டேங்கில் வைப்பதில்லை. ஃப்யூச்சர்ஸ் காண்ட்ராக்ட்களை வாங்கி, அவை காலாவதியாகும் முன் விற்று, அடுத்த மாதத்துக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. இந்த மாற்றத்துக்குப் பெயர் ரோல் ஓவர். எம்.சி.எக்ஸில் க்ரூட் மினி வாங்கி 'அடுத்த மாசத்துக்கு கேரி பண்ணிக்கலாம்' என்று நினைக்கும் நம் ஊர் டிரேடரும் அதையேதான் செய்கிறார். வேறுபாடு, ஃபண்டுக்குக் கணக்கு போட ஆள் இருக்கிறது. நம்மில் பலர் சார்ட்டை மட்டும் நம்புகிறோம். சார்ட் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை என்பதுதான் பிரச்னை.

அடுத்த மாதம் ஏன் விலை கூடுதல்?

ஒரு ஃப்யூச்சர்ஸ் காண்ட்ராக்டுக்கு ஆயுள் உண்டு. எக்ஸ்பைரி நாளில் அதன் விலை சந்தையின் ஸ்பாட் விலையோடு வந்து சேர்ந்துவிடும். அதற்கு முன்பு இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

புளி வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். சீசனில் வாங்கி மூன்று மாதம் கழித்து உங்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டால், இன்றைய விலைக்கே தருவாரா? கிடங்கு வாடகை, முடங்கிய பணத்துக்கு வட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். எண்ணெயிலும் அப்படித்தான். சரக்கு தாராளமாகக் கிடைத்து, சேமிக்கத்தான் இடமில்லை என்ற நிலையில் தூர மாதங்களின் விலை கிட்ட மாதத்தைவிடக் கூடுதலாக இருக்கும். இதைக் கன்டாங்கோ என்கிறார்கள். சரக்கே கிடைக்கவில்லை, இன்றைக்கே வேணும் என்று எல்லோரும் அலையும் காலத்தில் இது தலைகீழாகி, கிட்ட மாதம் விலை கூடுதலாகவும் தூர மாதம் குறைவாகவும் இருக்கும். அது பேக்வார்டேஷன்.

நிஃப்டிக்குக் கிடங்கு கிடையாது. அங்கே அடுத்த மாத ஃப்யூச்சர்ஸில் இருக்கும் கூடுதல் பெரும்பாலும் வட்டிதான், அதில் டிவிடெண்ட் கழிந்திருக்கும்.

விலை நகரவே இல்லை, நஷ்டம் மட்டும் நகர்ந்தது

இப்போது ஒரு கணக்கு போடுவோம். எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. கச்சா எண்ணெய் ஸ்பாட் விலை பீப்பாய்க்கு 6,000 ரூபாய். ஆறு மாதம் அது நகரவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சந்தை கன்டாங்கோவில் இருக்கிறது. எந்த நேரத்திலும், ஒரு மாதம் கழித்து முடியும் காண்ட்ராக்ட் 6,120-க்குக் கிடைக்கிறது.

முதல் மாதம் 6,120-க்கு வாங்குகிறீர்கள். நாள் நெருங்க நெருங்க அது ஸ்பாட்டை நோக்கி இறங்கி, எக்ஸ்பைரியில் 6,000-க்கு வருகிறது. 120 ரூபாய் போச்சு. அதை விற்றுவிட்டு அடுத்த மாத காண்ட்ராக்டை 6,120-க்கு வாங்குகிறீர்கள். அதுவும் 6,000-க்கு இறங்குகிறது. இப்படி ஆறு காண்ட்ராக்ட் பார்த்தால் மொத்த நஷ்டம் பீப்பாய்க்கு 720 ரூபாய். 10 பீப்பாய் கொண்ட மினி லாட்டில் 7,200 ரூபாய். 100 பீப்பாய் பெரிய லாட்டில் 72,000 ரூபாய். எண்ணெய் விலை? அதே 6,000.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. '6,000-க்கு வித்து 6,120-க்கு வாங்கினேன், ரோல் பண்ணும்போதே 120 ரூபாய் காலி' என்பார்கள். அது சரியல்ல. நீங்கள் விற்றது ஒரு பொருள், வாங்கியது வேறு பொருள். அந்த நொடியில் உங்கள் கணக்கில் புரோக்கரேஜும் வரியும் தவிர ஒரு ரூபாய்கூடக் குறையாது. 6,120 கொடுத்து வாங்கியது அந்த நிமிடத்தில் 6,120-க்கே விற்கக்கூடிய காண்ட்ராக்ட்தான். நஷ்டம் அதற்குப் பிறகு வருகிறது. ஒரு மாதத்தில் எண்ணெய் விலை ஏறாமல் அப்படியே நின்றால், நீங்கள் கூடுதலாகக் கொடுத்த 120 கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எண்ணெய் 6,120-க்கு ஏறினால்தான் உங்களுக்கு நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை என்ற நிலை.

ஆக, ரோல் செலவு என்பது ஒரே நாளில் கட்டும் டோல் கட்டணம் அல்ல, மாதம் முழுக்க ஓடும் வாடகை. இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், சார்ட் எப்படி ஏமாற்றுகிறது என்பது இதில்தான் இருக்கிறது.

சார்ட்டில் அது எங்கே ஒளிகிறது?

ஒவ்வொரு காண்ட்ராக்டுக்கும் சில மாத ஆயுள்தான் என்பதால், ஐந்து வருட சார்ட் வேண்டுமென்றால் பல காண்ட்ராக்ட்களை ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டவைத்துத்தான் தர முடியும். அதுதான் கன்டினியூவஸ் சார்ட். டிரேடிங்வியூவில் `CRUDEOIL1!`, `NIFTY1!` என்று ஆச்சரியக்குறியோடு நீங்கள் பார்ப்பது இதுதான். அந்த 1 என்பது 'இப்போதைய கிட்ட மாதம்' என்று பொருள். அந்தப் பெயரில் எக்ஸ்சேஞ்சில் ஒரு காண்ட்ராக்ட் கிடையாது. அதை யாரும் வாங்கவோ விற்கவோ முடியாது.

நம் உதாரணத்தை இந்த சார்ட்டில் போட்டுப் பாருங்கள். 6,120-ல் தொடங்கி 6,000-க்கு இறங்குகிறது. மறுநாள் புதிய காண்ட்ராக்ட், 6,120-ல் நிற்கிறது. மறுபடி இறக்கம், மறுபடி தாவல். ரம்பப் பல் போல ஒரு கோடு. தூரத்திலிருந்து பார்த்தால் தட்டையாகத் தெரியும். ஆறு மாதத்தின் முதல் விலை 6,120, கடைசி விலை 6,000. 'வெறும் 120 ரூபாய்தானே, ஸ்டடியா இருந்திருக்கு' என்பீர்கள். உண்மையான நஷ்டம் 720. மீதி 600 எங்கே? ஐந்து தாவல்களில். ஒவ்வொன்றும் 120 ரூபாய் ஏற்றம் போல சார்ட் காட்டியது. அந்த ஏற்றம் யாருடைய கணக்கிலும் வரவு வைக்கப்படவில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம். மாதம் 120 ரூபாய் கரைவது என்றால் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு ரூபாய். கச்சா எண்ணெய் ஒரு நாளில் நூறு ரூபாய் மேலே கீழே ஆடுவது சர்வசாதாரணம். அந்த ஆட்டத்துக்கு நடுவில் ஐந்து ரூபாய் கரைவதை எந்தக் கண்ணும் பார்க்காது. மாதக் கடைசியில் வரும் 120 ரூபாய் தாவலோ, இரவில் அமெரிக்கச் செய்தியால் வந்த கேப்-அப் போலவே இருக்கும். செலவு சத்தமில்லாமல் போகிறது. பொய்யான வரவு மட்டும் பச்சை கேண்டிலாகக் கண்ணில் படுகிறது.

காலையில் வாங்கி மாலையில் விற்பவருக்கு இதனால் பாதிப்பு இல்லை. மாதக்கணக்கில் பொசிஷனை வைத்திருப்பவருக்கும், பழைய டேட்டாவில் பேக்டெஸ்ட் செய்பவருக்கும்தான் ஆபத்து. 'இந்த மூவிங் ஆவரேஜ் ஸ்ட்ராடஜி க்ரூடில் பத்து வருஷத்துல இவ்வளவு ரிட்டர்ன்' என்று காட்டும் வீடியோக்களைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது, எந்த சார்ட்டில் ஓட்டினார்கள் என்பதைத்தான். ஒட்டுப்போட்ட சார்ட்டில் ஓட்டியிருந்தால், கன்டாங்கோ மாதங்களில் வாங்கி வைத்திருந்த ஒவ்வொரு பொசிஷனுக்கும் அந்தப் பொய்த் தாவல் லாபமாகச் சேர்ந்திருக்கும். விற்று வைத்திருந்தவருக்கு அதே தொகை பொய் நஷ்டமாகக் கழிந்திருக்கும். போதாக்குறைக்கு அந்தத் தாவலே ஒரு 'பை சிக்னல்' கொடுத்திருக்கலாம்.

திருத்திய சார்ட்டும் முழு உண்மை சொல்லாது

இதற்குத் தீர்வு இருக்கிறது. டிரேடிங்வியூவில் ஃப்யூச்சர்ஸ் சார்ட்டில் `B-ADJ` என்று ஒரு பட்டன் வரும். அதை ஆன் செய்தால் பேக் அட்ஜஸ்ட் செய்யப்பட்ட சார்ட் கிடைக்கும். ஒவ்வொரு ரோலிலும் பழைய காண்ட்ராக்டுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, அதற்கு முந்தைய எல்லா விலைகளையும் அந்த அளவுக்கு நகர்த்திவிடுவார்கள். தாவல் மறைந்துவிடும்.

நம் உதாரணத்தில் ஐந்து ரோல், ஒவ்வொன்றும் 120. எனவே முதல் காண்ட்ராக்டின் விலைகளோடு 600 கூட்டப்படும். சார்ட் 6,720-ல் தொடங்கி 6,000-ல் முடியும். வித்தியாசம் 720. உங்கள் நஷ்டத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால், எண்ணெய் ஒருநாளும் 6,720-க்கு வியாபாரம் ஆகவில்லையே! லாப நஷ்டம் சரியானது, விலை பொய்யானது. இந்த சார்ட்டில் சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் கோடு போட்டால், யாருமே வாங்கி விற்காத விலையில் கோடு போடுகிறீர்கள். பல வருடம் பின்னால் போனால் இந்தக் கூட்டல் கழித்தல் சேர்ந்து சேர்ந்து, பழைய விலைகள் உண்மைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்துக்குப் போய்விடும். நீண்டகாலம் பேக்வார்டேஷனில் இருந்த பொருளின் பழைய விலை பூஜ்யத்துக்குக் கீழேகூட போகலாம். அங்கே 'எத்தனை சதவீதம் ஏறியது' என்று கணக்கிட்டால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சதவீதம் வேண்டுமென்றால் கூட்டுவதற்குப் பதிலாகப் பெருக்கும் முறை இருக்கிறது. 6,120-ஐ 6,000-ஆல் வகுத்தால் 1.02. பழைய விலைகளை எல்லாம் அதனால் பெருக்கிவிடுவது. நீண்டகால பேக்டெஸ்ட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். இதற்கும் ஒரு எல்லை உண்டு. விலை மைனஸில் போய்விட்டால் விகிதம் எடுக்க முடியாது. அதெல்லாம் எங்கே நடக்கப்போகிறது என்று 2020 வரை எல்லோரும் நினைத்தார்கள்.

ஏப்ரல் 20, 2020

லாக்டவுனில் உலகமே வீட்டுக்குள். எண்ணெய் எரிப்பார் இல்லை. டபிள்யூ.டி.ஐ காண்ட்ராக்டை வாங்கி எக்ஸ்பைரி வரை வைத்திருந்தால் ஓக்லஹோமாவின் குஷிங் என்ற ஊரில் நிஜ எண்ணெயை டெலிவரி எடுக்க வேண்டும். அங்கே டேங்குகளில் கிடைக்கிற இடமெல்லாம் பேசி முடிக்கப்பட்டிருந்தது. மே மாத காண்ட்ராக்ட் முடிய ஒரு நாள் இருக்கும்போது, அதைக் கையில் வைத்திருந்தவர்கள் பணம் கொடுத்தாவது தள்ளிவிடப் பார்த்தார்கள். அன்று அது முடிந்த விலை மைனஸ் 37.63 டாலர்.

அதே நாள், அதே எக்ஸ்சேஞ்சில், ஜூன் காண்ட்ராக்ட் முடிந்த விலை பிளஸ் 20.43 டாலர். இரண்டு மாதங்களுக்கும் நடுவே 58 டாலர் இடைவெளி. எக்ஸ்பைரி நாள் வரை கிட்ட மாதத்தையே காட்டும் சார்ட்டில், பாதாளத்தில் விழுந்து உடனே மேலே துள்ளும் ஒரு கோடு தெரியும். 'மைனஸில் வாங்கியிருந்தா எவ்வளவு லாபம்!' என்று இன்றும் சிலர் அந்தப் படத்தைப் பகிர்கிறார்கள். மறுநாள் மே காண்ட்ராக்ட் 10.01 டாலரில் முடிந்தது உண்மை. ஆனால், அங்கிருந்து 30, 40 என்று போனது அந்தக் காண்ட்ராக்ட் அல்ல. அது செத்துப்போனது. ஏறியவை வேறு மாதங்கள்.

வால்யூம் எந்த மாதத்துக்கு அதிகமோ அதற்கு முன்கூட்டியே மாறிவிடும் சார்ட்டில், மைனஸ் விலையே வராது. ஏனென்றால் பெரும்பாலான வியாபாரம் அதற்குள் ஜூனுக்குப் போயிருந்தது. ஒரே எண்ணெய், ஒரே நாள், இரண்டு சார்ட். ஒன்றில் பேரழிவு, மற்றொன்றில் வெறும் மோசமான திங்கட்கிழமை. எந்த நாளில் ரோல் செய்வது என்று சார்ட் கம்பெனி எடுத்த முடிவு, நீங்கள் பார்க்கும் 'வரலாற்றை' இந்த அளவுக்கு மாற்றும்.

நம் ஊரில் இதன் அடி நேரடியாக விழுந்தது. எம்.சி.எக்ஸ் ஏப்ரல் காண்ட்ராக்டின் எக்ஸ்பைரி அதே ஏப்ரல் 20. லாக்டவுனால் வர்த்தகம் மாலை 5 மணிக்கே முடிந்திருந்தது, கடைசி விலை 965 ரூபாய் அளவில். அமெரிக்காவில் விலை மைனஸுக்குப் போனது நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி. எம்.சி.எக்ஸ் முதலில் தற்காலிகமாக 1 ரூபாய் என்று வைத்து, பிறகு மைனஸ் 2,884 ரூபாய் என்று இறுதி விலையை அறிவித்தது. 5 மணிக்கு வாங்கிய நிலையில் விட்டுவிட்டவருக்கு ஒரு பெரிய லாட்டில் சுமார் 3.85 லட்சம் ரூபாய் நஷ்டம். ரோலைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுவதன் அதிகபட்ச விலை இது.

யு.எஸ்.ஓவுக்குத் திரும்புவோம். அந்தப் பள்ளத்தில் அது அடிவாங்கியது இரண்டு வழிகளில். கன்டாங்கோ உச்சத்தில் இருந்தபோது, இறங்கிய காண்ட்ராக்டை விற்று, விலை கூடிய அடுத்த மாதத்தை வாங்க வேண்டியிருந்தது. அதே பணத்துக்குக் கிடைத்த பீப்பாய்கள் குறைந்துகொண்டே போயின. அதோடு, ஏப்ரல் மத்தியில் ஃபண்ட் தன் பணத்தைத் தூர மாதங்களுக்கும் பிரித்துப்போட்டது. எண்ணெய் மீண்டபோது கிட்ட மாதம் ஏறிய வேகத்தில் தூர மாதங்கள் ஏறவில்லை. எனவே அந்த இழப்பு முழுவதையும் ரோல் செலவு என்று சொல்வது நியாயமாகாது. ஆனால், இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். சார்ட்டில் இருந்த 'எண்ணெய் விலை'யை யாரும் கையில் வைத்திருக்க முடியவில்லை.

இதே கதை தலைகீழாகவும் ஓடும். 2022-ல் ரஷ்யா - உக்ரைன் போரால் சரக்குத் தட்டுப்பாடு, சந்தை பேக்வார்டேஷனில். அந்த ஆண்டு எண்ணெய் விலை 75 டாலரிலிருந்து 80-க்கு, சுமார் 7% மட்டுமே ஏறியது. யு.எஸ்.ஓ ஏறியதோ கிட்டத்தட்ட 29%. விலை குறைந்த அடுத்த மாதத்தை வாங்கி, அது ஸ்பாட்டை நோக்கி ஏறிய லாபம் மாதாமாதம் சேர்ந்தது. அப்போதும் சார்ட் மறைத்தது, இந்த முறை வரவை.

ரோல் செய்யும் முன் என்ன பார்க்கலாம்?

மார்க்கெட் வாட்சில் இந்த மாதம், அடுத்த மாதம் இரண்டு காண்ட்ராக்டையும் அடுத்தடுத்து வையுங்கள். வித்தியாசத்தை இந்த மாத விலையால் வகுத்து, 12-ஆல் பெருக்கினால் வருடத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை என்று தெரியும். நம் உதாரணத்தில் மாதம் 2%, வருடத்துக்கு 24%. எண்ணெய் வருடத்துக்கு 24% ஏறும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே அந்தப் பொசிஷனை மாதக்கணக்கில் இழுப்பதில் அர்த்தம் உண்டு.

நிஃப்டியில் இதே கணக்கைப் போட்டால் பெரும்பாலும் வட்டி விகிதத்தை ஒட்டிய எண் வரும். உதாரணமாக, 25,000-க்கு 140 புள்ளி வித்தியாசம் என்றால் வருடத்துக்கு சுமார் 6.7%. அது அநியாயம் இல்லை. முழுத் தொகையும் உங்களிடம் இருந்து, அதை லிக்விட் ஃபண்டில் போட்டுவிட்டு மார்ஜினில் ஃப்யூச்சர்ஸ் வைத்திருந்தால், இங்கே போவது அங்கே வந்துவிடும். மார்ஜின் தொகை மட்டுமே கையில் இருப்பவருக்கு அது கடன் வட்டி. 'ஃப்யூச்சர்ஸ்ல வட்டி இல்லாம லெவரேஜ்' என்று சொல்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

எக்ஸ்பைரிக்குக் கடைசி நிமிடம் வரை காத்திருக்காதீர்கள், ரொம்ப முன்னாடியும் ஓடாதீர்கள். அடுத்த மாதத்தில் வால்யூம் வராத நாட்களில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். அந்த இடைவெளி, இரண்டு பக்கமும் போகும் புரோக்கரேஜ், வரி ஆகியவை மேலே சொன்ன வாடகைக்கு மேல் தனிச் செலவு. இவை மட்டும்தான் ரோல் செய்யும் அந்த நிமிடத்திலேயே உங்கள் பாக்கெட்டிலிருந்து போகிறவை.

சார்ட்டைப் பொறுத்தவரை, விலை மட்டங்களைப் பார்க்கத் திருத்தாத சார்ட், லாப நஷ்டம் பார்க்கத் திருத்திய சார்ட் என்று பிரித்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் அந்தந்த மாத காண்ட்ராக்டின் தனி சார்ட்டைத் திறந்து பாருங்கள். ஒட்டுப்போட்ட சார்ட்டில் ரோல் நாளில் இருக்கும் கேப், தனி காண்ட்ராக்டில் இல்லையென்றால் அது சந்தையின் நகர்வு அல்ல, வெறும் தையல்.

இவ்வளவு வேலையைப் பயனர் தலையில் கட்டுவது சரியா என்றால், சரியில்லை என்பதே என் கருத்து. எந்த நாளில் காண்ட்ராக்ட் மாறியது என்பது சார்ட் தருபவருக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, 'இங்கே ரோல், வித்தியாசம் இவ்வளவு' என்று காட்ட பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. டிவிடெண்ட், போனஸ், ஸ்ப்ளிட் நாட்களுக்கு 'D', 'S' என்று குறி போடும் ஆப்களுக்கு இது முடியாத காரியமா? நம் ஊர் புரோக்கர் ஆப்கள் ஆர்டர் போடும் திரையிலேயே அந்த வருடாந்திர சதவீதத்தைக் காட்டலாம். ரோல் பட்டனுக்குப் பக்கத்தில் '24%' என்ற எண் தெரிந்தால், அதை அழுத்துவதற்கு முன் பலரும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.